மூங்கிலில் மாவு, பானையில் உப்பு: புது வீட்டு ஹாலில் பிரம்பும் சுடுமண்ணும் தறித்துணியும் தகராறு செய்தால்

கோயம்புத்தூரில் உள் அலங்கார வேலை செய்கிறேன். வேலை முடித்துக் கொடுத்த வீடுகளிலிருந்து திரும்ப வரும் போன்களைக் கணக்கெடுத்தால் முக்கால்வாசி நாலே சாமான்களைப் பற்றித்தான்: பிரம்பு, மூங்கில், சுடுமண், கைத்தறித் துணி. வழுவழு டைல்ஸ், மைக்கா ஒட்டிய அலமாரி, கண்ணாடி ஜன்னல், ஏசி என்று இருக்கும் அறையில் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும் என்று இவற்றைக் கொண்டுவந்து வைக்கிறோம். பிறகு ஒன்று தொய்கிறது, ஒன்று கொட்டுகிறது, ஒன்று பூக்கிறது. உங்கள் வீட்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

## எல்லாம் வாங்கி வைத்தும் அறை மொட்டையாகத்தான் தெரிகிறது

இந்தப் புகாருக்கு மட்டும் சாமானைத் தொடாதீர்கள். முதலில் விளக்கைப் பாருங்கள்.

இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் தொங்கும் ஜமக்காளத்தையோ பிரம்புக் கதவையோ நேருக்கு நேர் அடிக்காமல், சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடியுங்கள். இழை இழையாக நிழல் விழுந்து பின்னல் எழுந்து நிற்கிறதா? அப்படியானால் பொருளில் குறையில்லை. உங்கள் விளக்குதான் அதை நசுக்கிக்கொண்டிருக்கிறது.

அநேகமாக உத்தரத்தின் நடுவில், குளிர் வெள்ளையில், 6500 கெல்வின் எல்இடி பேனல் இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம் கொட்டுவதால் நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் பிரம்பும் பிரம்பு படம் போட்ட வால்பேப்பரும் ஒன்றுதான். செலவில்லாத வழி, பேனலை அணைத்துவிட்டு ஒரு மேசை விளக்கைச் சுவரோரம் நகர்த்துவது. அதற்கடுத்தது பல்பை 2700 அல்லது 3000 கெல்வினுக்கு மாற்றுவது. பெட்டியின் மேலேயே அந்த எண் போட்டிருக்கும். அதிலும் திருப்தி இல்லையென்றால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கீழ்நோக்கிச் சுவரை உரசியபடி வெளிச்சம் விழுமாறு ஒரு ஸ்பாட் லைட். புது வயர் இழுக்க வேண்டிய இந்த இடத்தில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூங்கில் தட்டிக்குப் பின்னால் வயரை நீங்களே ஓட்ட வேண்டாம்.

வெளிச்சம் சரியாகியும் எடுபடவில்லையென்றால் நிறம்தான் காரணம். பழுப்புப் பிரம்பு, பழுப்பு மூங்கில், செம்மண் பானை, அதற்குக் கீழே சந்தன நிற டைல்ஸ், பின்னால் சந்தன நிறச் சுவர் என்றால் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்துபோகும். ஒரே ஒரு சுவரை வெள்ளையாகவோ கரும்பச்சையாகவோ அடித்துப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான புகாரும் வரும். "ஏனுங்க, வீடு கண்காட்சி ஸ்டால் மாதிரி ஆயிப்போச்சுங்க." அதற்கு மருந்து பாதிச் சாமானை ஒரு மாதம் மாடி அறையில் போட்டுவைப்பது. எதைத் தேடுகிறீர்களோ அதை மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

## பிரம்பு வலை தொய்கிறது

நாற்காலி இருக்கையிலோ அலமாரிக் கதவிலோ இருக்கும் பிரம்புப் பின்னல் தொப்பை போட்டால் உடனே பின்னுகிற ஆளைத் தேட வேண்டியதில்லை. பாதிக்குமேல் தண்ணீரிலேயே சரியாகிவிடும்.

முதலில் அது பிரம்புதானா என்று பாருங்கள். பின்பக்கம் ஓர் ஓரத்தில் ஈர விரலை வையுங்கள். நிறம் மாறி ஈரத்தை உறிஞ்சினால் பிரம்பு. முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் தொய்ந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பிரம்பென்றால் நாற்காலியைக் கவிழ்த்துப் போடுங்கள். மேல்பக்கம் பளபளப்பான தோல், அது தண்ணீர் குடிக்காது. மங்கலான பின்பக்கம்தான் குடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் பின்பக்கம் அரை மணி நேரம் பரப்பிவைத்து, எடுத்துவிட்டு நிழலில் ஓர் இரவு காயவிடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். யாரும் உட்காரவும் கூடாது. நனைந்தபோது நீண்ட இழை காயும்போது சுருங்கி, காலையில் தட்டினால் தம்பட்டம் மாதிரி நிற்கும்.

பின்பக்கமும் வார்னிஷ் அடித்திருந்தால் தண்ணீர் இறங்காது. அந்த இடத்தை மட்டும் மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துவிட்டுச் செய்யுங்கள். இரண்டு முறை செய்தும் ஒரு மாதத்தில் மறுபடி தொய்ந்தால், சட்டத்தின் காடியில் வலையைப் பிடித்திருக்கும் பிரம்புக் குச்சி பசை விட்டிருக்கிறதா என்று விரல் நகத்தால் நெம்பிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் விட்டிருந்தால் மரப்பசை வைத்து அழுத்திவிடலாம். சுற்றிலும் விட்டிருந்தால் முதலில் போட்ட ஆள் வலையை ஊறவைக்காமல் காய்ந்தபடியே அடித்திருக்கிறார் என்று அர்த்தம். அதை மொத்தமாகக் கழற்றித்தான் போட வேண்டும், அது பின்னுகிறவர் வேலை.

இழை தொய்யாமல் பட் பட்டென்று ஒடிந்தால் வேறு கதை. ஏசி காற்று நேரே விழுகிறதா, மேற்கு வெயில் படுகிறதா பாருங்கள். நாற்காலியை நகர்த்திவிட்டு, வெயில் காலத்தில் மாதம் ஒருமுறை பின்பக்கம் ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஒடிந்த இழைகள் மூன்று நான்கு பக்கத்து பக்கத்தில் சேர்ந்துவிட்டால் ஒட்டுப்போடப் பார்க்காதீர்கள். அடுத்து உட்காருபவர் உள்ளே போய்விடுவார்.

## மூங்கிலிலிருந்து மாவு கொட்டுகிறது

எனக்கு அதிகம் வரும் போன் இதுதான். "தெனமும் கூட்டறமுங்க, மறுநா காத்தால பாத்தா மறுக்கா மாவு." சிலர் அதைச் சுவர்ப் பொடி என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

கீழே கிடப்பதை விரலில் எடுத்துத் தேயுங்கள். முகப்பவுடர் மாதிரி நைசாக இருந்தால் உளு, அதாவது மூங்கிலின் மாவுச்சத்தைத் தின்னும் சின்ன வண்டு. குண்டூசித் தலை அளவுக்கு வட்ட ஓட்டைகள் தெரியும். கசகசா மாதிரி மணி மணியாக இருந்தால் அது மரக்கரையான். மண் கோடு ஓடியிருந்தால் தரைக்கரையான். இந்த இரண்டுமே மூங்கிலோடு நிற்காது, கதவு நிலை வரைக்கும் போகும். கைவைத்தியம் பார்க்காமல் பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். விரல் நுழையும் அளவுக்கு ஒற்றை ஓட்டையும் கீழே மரத்தூளும் என்றால் கருவண்டு. பால்கனி மூங்கிலில்தான் வரும். வண்டு வெளியே போன நேரம் பார்த்து அடைத்துவிட்டால் முடிந்தது.

உளு என்று தெரிந்தபின் அது உயிரோடிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஓட்டையில் தங்கியிருந்த பொடி, யாராவது கதவை அறைந்து சாத்தினாலும் கொட்டும். எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்து, ஒவ்வொரு மூங்கிலின் கீழும் கறுப்புத்தாள் வைத்து ஒரு வாரம் விடுங்கள். எந்தத் தாளில் குவியல் விழுகிறதோ அந்த மூங்கில்தான் ஆள்.

சரவணம்பட்டிப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஹாலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் இரண்டு அங்குலக் கனத்தில் ஏழடி மூங்கில் 24 நட்டுத் தடுப்பு செய்திருந்தோம். பளபளவென்று வார்னிஷ். மூன்றாம் மாதம் மாவு. கறுப்புத்தாள் வைத்ததில் ஐந்து மாட்டின. ஓட்டைகளைத் தேடினால் உடம்பில் ஒன்றிரண்டுதான் இருந்தன. மேலே ஃபால்ஸ் சீலிங் பட்டைக்குள் மறைந்திருந்த வெட்டுமுனையில்தான் சல்லடை. மூங்கிலின் வெளித்தோல் கெட்டி, வண்டு வெட்டுமுனை வழியாகவும் உள்பக்கம் வழியாகவும்தான் நுழையும். நாங்கள் கண்ணுக்குத் தெரிகிற உடம்புக்கு மூன்று கோட் வார்னிஷ் அடித்துவிட்டு, தெரியாத முனையைப் பச்சையாக விட்டிருந்தோம். தப்பு எங்கள் பேரில்தான்.

ஐந்தையும் கழற்றி ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பார்த்தோம். இரண்டு பொதுக்கென்று உள்வாங்கின. அவற்றை அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோனோம். மீதி மூன்றுக்கும் வார்னிஷைத் தேய்த்தெடுத்து, நீளமான இரும்புக் கம்பியால் உள்கணுக்களை எல்லாம் குத்தித் திறந்தோம். கணு மூடியிருந்தால் மருந்து உள்ளே போகாது.

மருந்து, போரிக் பவுடரும் வெங்காரமும். வெங்காரம் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும், போராக்ஸ் என்று கேட்டாலும் தருவார்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் போரிக் பவுடர், 300 கிராம் வெங்காரம் என்பது கணக்கு. வெந்நீரில் சீக்கிரம் கரையும். ஏழடி மூங்கிலை எந்த அண்டாவில் ஊறவைப்பது? ஆறு அங்குல பிவிசி குழாய் ஒன்றை வாங்கி அடியில் மூடி போட்டு, மொட்டைமாடித் தூணில் கட்டி நிறுத்தினோம். மூன்று மூங்கிலையும் உள்ளே விட்டு 35 லிட்டர் கரைசலை ஊற்றி, மிதக்காமல் மேலே கல் வைத்தோம். அதற்கு 700 கிராம் போரிக் பவுடரும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வெங்காரமும் ஆனது. ஏழு நாள் ஊறல், பத்து நாள் நிழலில் காய்ச்சல். பிறகுதான் வார்னிஷ், இந்தத் தடவை முனைகளுக்கும் சேர்த்து.

மிச்சமான கரைசலை நல்லாயிருந்த 19 மூங்கில்களின் முனைகளில் பிரஷ்ஷால் நாலு நாள் இடைவிடாமல் குடிக்கக் குடிக்கத் தடவினோம். தடுப்பைக் கழற்றவே முடியாது என்றால் நீங்கள் இந்த வேலையோடு, இருக்கிற ஓட்டைகளில் ஊசி சிரிஞ்சால் கரைசலை ஏற்றலாம். ஊறவைத்த அளவுக்குப் பலன் இருக்காது, ஆனால் பரவுவது நிற்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். மீந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், செடி கருகிவிடும்.

மண்ணெண்ணெய் தடவினால் போகாதா என்று கேட்பார்கள். மேலாக இருக்கும் வண்டு சாகும், வீடு ஒரு வாரம் நாறும், உள்ளே இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

மூங்கில் வாங்கும்போதே இதைப் பாதி தவிர்க்கலாம். ஆனைமலை, சத்தியமங்கலம் மலையடிவாரத்து ஊர்களில் பெரியவர்கள் வெட்டிய மூங்கிலைக் குளத்திலோ ஓடையிலோ வாரக்கணக்கில் ஊறப்போடச் சொல்வார்கள். மாவுச்சத்து கரைந்து போய்விட்டால் வண்டுக்கு அங்கே வேலையில்லை. விற்கிறவரிடம் ஊறப்போட்டதா, மருந்தேற்றியதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் மேலே சொன்ன குழாய் வேலையை மாட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். உள்கூடு இல்லாத கல்மூங்கிலாக இருந்தால் கணு குத்த முடியாது. அதை இன்னும் ஒரு வாரம் கூடுதலாக ஊறவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு பக்கத்து ரப்பர் மரக் கட்டிலிலோ பிளைவுட் அலமாரியிலோ அதே ஓட்டை தெரிந்தாலும், பரணையோ ஏணியையோ தாங்குகிற மூங்கில் என்றாலும், நீங்களே பார்க்காதீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள்.

ராத்திரியில் மூங்கில் "டப்" என்று வெடிக்கிறது என்பது தனிப் புகார். ஏசியில் காய்ந்து நீளவாக்கில் கீறல் விடுகிறது. கீறலில் எதையும் அடைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் கயிற்றுச் சுற்று போட்டு இறுக்கிக் கட்டுங்கள், அதுவும் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும்.

## சுடுமண்ணில் வெள்ளை பூக்கிறது

வெள்ளையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. மறையாமல் பிசுபிசுப்பும் ஈர வாசனையும் இருந்தால் பூஞ்சை. பூஞ்சைக்கு வெயிலும் காற்றோட்டமும் போதும். உப்புக்குக் கொஞ்சம் துப்பறிய வேண்டும்.

செடி வைத்த தொட்டியென்றால் காரணம் நீங்கள் ஊற்றும் தண்ணீர். எங்கள் பக்கத்துப் போர்த்தண்ணீர் எப்படி என்பது வெந்நீர் அண்டாவின் அடியைச் சுரண்டிப் பார்த்தாலே தெரியும். அந்த உப்பு தொட்டியின் சுவர் வழியாக ஊறி வந்து வெளியே காய்கிறது. வீட்டில் சிறுவாணித் தண்ணீர் வந்தால் செடிக்கு அதையோ, மழைத்தண்ணீரையோ ஊற்றுங்கள். அல்லது செடியை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, அதைச் சுடுமண் தொட்டிக்குள் இறக்கிவிடுங்கள். நான் இப்போது ஹாலுக்குள் வைக்கும் எல்லாத் தொட்டியையும் இப்படித்தான் செய்கிறேன். டிவி அலமாரியில் வட்டக்கறையும் விழுவதில்லை.

தண்ணீரே படாத குதிரை பொம்மையோ, துளை போட்ட ஜாலிக் கல்லோ பூத்தால் களிமண்ணிலேயே இருந்த உப்பு. காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஈரத்துணி போட்டால் கரைந்து உள்ளே போய் அடுத்த வாரம் மறுபடி வரும். சின்னச் சாமானென்றால் நல்ல தண்ணீரில் மூன்று நாள் முழுக்கிவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, ஒரு வாரம் நிழலில் காயவிடுங்கள். பிடிவாதமான திட்டுக்கு ஒரு பங்கு வினிகருக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து தேய்த்துக் கழுவலாம். பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள், குறைந்த சூட்டில் வெந்த மண்ணை அது அரித்துவிடும்.

சுவரில் பதித்த சுடுமண் ஓடு பூத்தால்தான் செலவு பயமுறுத்தும். அதில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. பக்கத்துச் சுவரில் ஓரடிச் சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு இரண்டு நாள் ஒட்டிவையுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம். மறுபுறம் குளியலறை இருக்கிறதா என்று பாருங்கள், பத்தில் எட்டு முறை இருக்கும். பிளம்பர் வந்து கசிவை நிறுத்தும்வரை ஓட்டைத் தொடுவது வீண். உள்பக்கம் காய்ந்தே இருந்தால், ஒட்டிய சிமெண்டின் ஈரம்தான் வெளியேறிக்கொண்டிருக்கிறது. வாரம் ஒருமுறை காய்ந்த பிரஷ் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.

காத்திருக்கப் பொறுமையில்லாமல் மேலே சீலர் அடிப்பதுதான் பெரிய பிழை. வெளியே வர வழியில்லாத உப்பு தோலுக்கு அடியிலேயே கட்டி, ஓட்டின் மேல்பரப்பைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். அப்படி உதிர ஆரம்பித்த ஓட்டுக்கு வைத்தியம் கிடையாது, எடுத்துவிட்டு வேறு பதிக்க வேண்டும். முழுதாய்க் காய்ந்து, ஒரு மாதம் பூக்காமல் இருந்தபின் அடியுங்கள். பளபளப்பு தராத, உள்ளிறங்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

சோபாவுக்கு மேலே ஓடு பதித்திருந்தால் வருஷம் ஒருமுறை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் சரி. பொள்ளல் சத்தம் வந்தால் சோபாவை நகர்த்திவிட்டு, டைல்ஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

## ஜமக்காளம் வழுக்குகிறது, திரை குட்டையாகிறது

பவானி ஜமக்காளத்தைத் திண்ணையிலும் கல்யாணப் பந்தலிலும் விரித்தபோது யாரும் வழுக்கி விழுந்ததில்லை. வழவழப்பான டைல்ஸ்மேல் விரித்தால் வழுக்கும், ஓரமும் சுருளும். அடியில் ரப்பர் வலை விரிப்பு ஒன்றை, ஜமக்காளத்தைவிட நாலு பக்கமும் ஓரங்குலம் குறைவாக வெட்டிப் போடுங்கள். ஓரச்சுருளுக்கு, தலைகீழாகப் புரட்டி ஈரத்துணி மேல் இஸ்திரி போட்டால் போதும்.

சுவரில் மாட்டியது நடுவில் தொங்கினால் ஆணியை மாற்றுங்கள். இரண்டு மூலையில் ஆணியடித்து அந்தக் கனத்தைத் தொங்கவிட்டால் தொய்யத்தான் செய்யும், ஓட்டையும் பெரிதாகும். பின்பக்கம் மேல்விளிம்பு முழுக்க ஒரு துணிப்பட்டையைக் கையால் தைத்து, அதற்குள் குழாயோ மரச்சட்டமோ நுழைத்து, சட்டத்தைச் சுவரில் மாட்டுங்கள். ஆடி மாதம் பல்லடம், உடுமலைப் பக்கம் அடிக்கிற காற்றில் புழுதி முழுக்க இதில்தான் இறங்கும். கழுவ நினைக்காமல் வெளியே கொண்டுபோய்க் கொடியில் போட்டுத் தட்டுங்கள்.

கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் ஈரமான வெள்ளைத்துணியால் சிவப்புக் கோட்டைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் வீட்டில் நனைக்காமல் உலர்சலவைக்குக் கொடுத்துவிடுங்கள். கேட்காமல் வாஷிங் மெஷினில் போட்டு, வெள்ளைப் பட்டையெல்லாம் ரோஸ் நிறமான ஒரு ஜமக்காளம் என் வீட்டிலேயே இருக்கிறது.

சென்னிமலைப் போர்வைத் துணியைத் திரையாகத் தைப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று, நனைக்காமல் வெட்டுவது. ஏழடித் திரை முதல் சலவையிலேயே மூன்று நான்கு அங்குலம் ஏறிப்போகும். துணியை ஓர் இரவு தண்ணீரில் போட்டுக் காயவைத்து அளவெடுங்கள். ஏற்கெனவே ஏறிவிட்டதென்றால் கீழ்மடிப்பைப் பிரித்துவிட்டுப் பாருங்கள். அதிலும் போதாவிட்டால் கீழே வேறு நிறத்தில் ஒரு சாண் கரை சேர்த்துத் தையுங்கள். எங்கள் டெய்லர் முதலில் அப்படிச் சமாளித்த திரையைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி வேண்டுமென்று இதுவரை மூன்று வீட்டில் கேட்டுவிட்டார்கள்.